கண்ணாடி மேசையும் கோணல் எழுத்தும்

அல்பொன்சாவின் வலது கை நடுங்குகிறது என்பதை இந்த உலகத்தில் அறிந்தவள் அல்பொன்சா ஒருத்திதான். அதை அவள் தன் கையைப் பார்த்து அறியவில்லை. கணினித் திரையைப் பார்த்து அறிந்தாள்.

கற்பிட்டிக் கடைத்தெருவில், மீன்பிடி வலைகள் விற்கும் கடைக்கும் இஸ்ஹாக்கின் தொலைபேசி திருத்தும் கடைக்கும் இடையில் ஒடுங்கி நிற்பது அவளுடைய அச்சுக் கடை. திருமண அழைப்பிதழ், மரண அறிவித்தல், கோயில் திருநாள் பதாகை, வள்ளங்களுக்கு ஒட்டும் பெயர் ஸ்டிக்கர் எல்லாம் அங்கேதான் பிறக்கும். பதினேழு வயதில் வேலை பழகி, ஐம்பதைத் தாண்டியும் அதே நாற்காலியில் இருப்பவள் அவள். ஒரு கோட்டை இழுக்கும்போது அவளுடைய கை எங்கே நிற்கும் என்று திரைக்கே தெரியும் என்பான் இஸ்ஹாக்.

அந்தக் கைக்குத்தான் இப்போது என்னவோ ஆகிவிட்டது. மவுஸை நேராக இழுத்தால் திரையிலுள்ள அம்புக்குறி பாதி தூரம் போய்ச் சட்டென்று நின்றுவிடும். பிறகு எங்கோ ஒரு துள்ளல் துள்ளி வேறிடத்தில் விழும். மெல்ல இழுத்தால் பல்லிபோல விட்டு விட்டு ஊரும். காலையில்தான் மிக மோசம். பொழுது சாயச் சாயக் கொஞ்சம் அடங்கும்.

காலையில் மோசம் என்பதுதான் அவளைக் கலங்க வைத்தது. அவளுடைய தாயும் அப்படித்தான். தையல்காரி, கற்பிட்டியில் பாதிப் பேருக்கு, கோயிலில் முதல் நன்மை வாங்கப் போடும் வெள்ளைச் சட்டைகளைத் தைத்தவள். ஊசியில் நூல் கோக்க முடியாமல் விடியற்காலையில் யன்னலோரம் நின்று அழுத அந்த முகத்தை அல்பொன்சா மறக்கவில்லை. வைத்தியர்கள் அந்த நோய்க்கு நீளமான ஒரு பெயர் சொன்னார்கள். பெயர் நினைவில் இல்லை. காலை வேளையும் நடுங்கிய விரல்களும் நினைவில் இருக்கின்றன.

ஆகவே அவள் யாருக்கும் சொல்லவில்லை. பற்றுச்சீட்டு எழுதும் வேலையை, "என்ட எழுத்து அழகில்லை" என்று சொல்லி, தன்னோடு வேலை செய்யும் றஜனியிடம் தள்ளிவிட்டாள். தேநீரைக் கோப்பையின் பாதியளவே ஊற்றச் சொன்னாள். கோயிலில் மெழுகுதிரி ஏற்றும்போது தன் கையையே உற்றுப் பார்த்தாள், சுடர் ஆடியது. உற்றுப் பார்த்தால் யாருடைய கையும் ஆடும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

இந்த வேளையில்தான் மஸாஹிர் தன் புதிய பைபர் வள்ளத்துக்குப் பெயர் ஒட்ட வந்தான்.

அவன் கொண்டுவந்தது ஒரு சித்திர மட்டை. அதில் அவனுடைய மகள், பாலர் வகுப்பு முடித்த ஸும்றா, தன் பெயரைத் தானே நீல மெழுகுக் கட்டியால் எழுதியிருந்தாள். ‘ஸு’ ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ‘ம்’ எழுத்தின் புள்ளி ஒரு காசு அளவுக்குப் பருத்திருந்தது. ‘றா’வின் கால் முழங்கால் மடங்கியதுபோல உள்ளே வளைந்திருந்தது.

"அக்கா, இதே மாதிரித்தான் ஒட்டோணும். ஒரு எழுத்தயும் நேராக்கிப் போடாதீங்கோ. வெள்ளிக்கிழம ஜும்மாவுக்குப் பொறகு வள்ளத்தக் கடல்ல எறக்கிறம். புள்ள இப்பவே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறா."

வெளிப்பார்வைக்கு இலகுவான வேலை. உண்மையில் அதைவிடக் கடினமான வேலை இல்லை. மட்டையைப் படம்பிடித்துத் திரையில் போட்டு, அந்தக் கோணல் கோட்டின் விளிம்பை மவுஸால் அடிக்கு அடி பின்தொடர வேண்டும். கோணலை அப்படியே வரைவதற்கு நேரான கோட்டுக்கு வேண்டியதிலும் உறுதியான கை வேண்டும். ஆனாலும் அல்பொன்சா மறுக்கவில்லை. பிள்ளையின் ‘றா’வைப் பார்த்துவிட்டு எப்படி மறுப்பது?

மறுநாள் மஸாஹிர் வந்து திரையைப் பார்த்தான். மட்டையை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தான்.

"அக்கா, குறையா நெனைக்காதீங்கோ. இது என்ட மகள்ட கோணல் இல்ல. இது வேற ஆருடயோ நடுக்கம்."

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். அல்பொன்சாவின் காதுகள் சூடேறின. "மவுஸ் சரியில்லை, தம்பி," என்றாள். சொல்லும்போதே அது பொய் என்று அவள் நெஞ்சு சொல்லியது.

மஸாஹிர் அந்தச் சொல்லை நம்பிவிட்டான். போகிற போக்கில் பக்கத்துக் கடைக்குள் தலையை நீட்டி, "இஸ்ஹாக் நானா, அக்காட மவுஸுக்கு என்ன வருத்தமெண்டு பாருங்கோ!" என்று கூவிவிட்டுப் போனான். ஆக, அவள் கேளாமலே வைத்தியன் வீடு தேடி வந்தான்.

இஸ்ஹாக் மவுஸைக் குப்புறக் கவிழ்த்து, பற்றரி மூடியைத் திறந்து, உள்ளே முகர்ந்து பார்த்தான்.

"அல்பொன்சாக்கா, இது மவுஸா, கருவாட்டுப் பெட்டியா? பாருங்கோ, பச்சை பூத்திரிக்கி."

பற்றரியின் முனை தொடும் சுருள் கம்பியில் பச்சை நிறத்தில் களிம்பு படிந்திருந்தது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் கற்பிட்டியில் எந்த உலோகத்துக்கும் அதுவே விதி. காற்றோடு வரும் உப்பு கதவுப் பிணைச்சலையும் விடாது, மவுஸின் வயிற்றையும் விடாது. இஸ்ஹாக் பென்சில் அழிறப்பரால் அந்தக் களிம்பைத் தேய்த்து எடுத்தான். தளர்ந்திருந்த சுருளைச் சற்று வெளியே இழுத்துவிட்டு, புதிய பற்றரியை இறுக்கமாக உட்காரவைத்தான்.

"பற்றரி ஆடினா மின்சாரம் வந்து வந்து போகும். மவுஸ் செத்துச் செத்துப் பிழைக்கும். இனிப் பாருங்கோ."

மவுஸ் செத்துப்போவது குறைந்தது. துள்ளுவது நிற்கவில்லை.

இஸ்ஹாக் மேசைக்கு அடியில் குனிந்தான். மவுஸின் பேச்சைக் கேட்கும் விரல்நுனி அளவான ரிசீவர், கணினிப் பெட்டியின் பின்பக்கத்தில், சுவரோடு சுவராகச் செருகப்பட்டிருந்தது. அதன் தோளில் தோள் இடிக்க வெளி ஹார்ட் டிஸ்கின் வயர்.

"இந்தப் பாவம் இரும்புப் பெட்டிக்குப் பின்னால நிண்டு எப்படிக் கேக்கும்? பக்கத்தில இந்த டிஸ்க் வேற. அது வேலை செய்யிற நேரம் பெரிய இரைச்சல் போடும். எங்கட காதுக்குக் கேக்காது, ரிசீவருக்குக் கேக்கும்." ஒரு சின்ன நீட்டு வயரை எடுத்து ரிசீவரை மேசைக்கு மேலே, மவுஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தான். ஹார்ட் டிஸ்கை மறுகோடிக்குத் தள்ளினான்.

கோப்புகளைச் சேமிக்கும் வேளைகளில் அம்புக்குறி உறைந்துபோவது அத்தோடு ஒழிந்தது. துள்ளல் மட்டும் போகவில்லை.

மூன்றாவதாக, மவுஸின் அடியிலிருக்கும் கண்ணைப் பார்த்தான். சிவப்பு ஒளி கசியும் அந்தக் குழிக்குள் ஸ்டிக்கர் வெட்டிய துணுக்கொன்றும் ஒரு தலைமுடியும் கிடந்தன. பஞ்சு சுற்றிய குச்சியால் பூப்போல ஒற்றி எடுத்தான்.

"கண்ணில விழுந்த தூசியும் போச்சு. இனி உங்கட மவுஸ் நேத்துப் பிறந்த பிள்ளை மாதிரி. ஒரு பிளேன்டீ போதும் கூலி."

அவனுக்கும் றஜனிக்கும் ஒவ்வொரு திருத்தமும் ஒரு நம்பிக்கையாக இருந்தது. அல்பொன்சாவுக்கோ ஒவ்வொன்றும் ஒரு கதவு அடைபடும் ஓசையாகக் கேட்டது. பற்றரி சரி. ரிசீவர் சரி. கண் சரி. மவுஸில் பழி போட இன்னும் எத்தனை இடம் மிச்சம்? இஸ்ஹாக் தேநீர் குடித்துவிட்டுப் போனதும், அவள் மெல்ல மவுஸைப் பிடித்து ஒரு நேர்கோடு இழுத்தாள். அம்புக்குறி பாதியில் நின்று, நொண்டி, ஒரு எட்டுத் தாவி விழுந்தது.

அவள் இஸ்ஹாக்கைத் திரும்பக் கூப்பிடவில்லை.

அடுத்த நாள் மதியம் றஜனி சாப்பிடப் பின்னறைக்குப் போனபோது, அல்பொன்சா ஒரு திருட்டு வேலை செய்தாள். றஜனியின் மேசையிலிருந்த வயருள்ள பழைய மவுஸைக் கழற்றிக்கொண்டு வந்து தன் கணினியில் செருகினாள். அந்த மவுஸைப் பற்றி ஒருவருக்கும் ஐயமில்லை. காலையிலும் றஜனி அதில் கோயில் பதாகை ஒன்றைச் செய்து முடித்திருந்தாள். பற்றரியும் இல்லை, ரிசீவரும் இல்லை. இனி இது சொல்வதே தீர்ப்பு.

அவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு கோடு இழுத்தாள்.

துள்ளியது.

இன்னொரு முறை இழுத்தாள். நின்றது, ஊர்ந்தது, துள்ளியது.

அல்பொன்சா அந்த மவுஸை இருந்த இடத்திலேயே திரும்பக் கொண்டுபோய் வைத்தாள். தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, வலது கையை மடியில் வைத்து, நோயாளிப் பிள்ளையை மூடுவதுபோல இடது கையால் அதை மூடிக்கொண்டாள்.

றஜனி வந்ததும், "மஸாஹிர் தம்பிக்கு ஒரு கோல் எடு," என்றாள். "இந்த வேலையைப் புத்தளத்தில குடுத்துச் செய்விக்கச் சொல்லு. இண்டைக்கே குடுத்தால் வெள்ளிக்கு முதல் கிடைச்சிடும்."

றஜனி கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பத்தின் பிள்ளை. அல்பொன்சாவிடம் வந்த நாள் முதல் இந்தக் கடையில் ஒரு வேலையைத் திருப்பி அனுப்பிக் கண்டவளில்லை.

"என்ன கதை கதைக்கிறியள், அக்கா? அந்தப் பிள்ளையின்ட எழுத்தை முந்தநாள் நீங்கள் தடவித் தடவிப் பார்த்ததை நான் கண்டனான்."

"எனக்கு ஏலாது, றஜனி."

"ஏன் ஏலாது?"

அல்பொன்சா மடியிலிருந்த கையைத் திறந்து காட்டினாள். "இது போச்சுது. அம்மாவின்ட வருத்தம். காலமையில கூடுதல். உன்ட மவுஸிலயும் பார்த்திட்டன். அதிலயும் துள்ளுது."

றஜனி அந்தக் கையைப் பார்த்தாள். அது அசையாமல் கிடந்தது. அவள் அல்பொன்சாவின் தோளைப் பிடித்து மெல்ல எழுப்பி, அதே நாற்காலியில் தான் உட்கார்ந்தாள்.

உலகத்திலேயே எளிய சோதனை அது: மவுஸை இன்னொரு கையிடம் கொடுப்பது. அதைத்தான் இத்தனை காலமும் அவள் தவிர்த்து வந்தாள். றஜனியின் கையில் அது நேராக ஓடிவிட்டால், பிறகு சந்தேகம் என்ற அந்தச் சின்னத் திரையும் விலகிவிடுமே!

றஜனி ஒரு கோடு இழுத்தாள்.

அம்புக்குறி பாதியில் நின்றது, ஊர்ந்தது, துள்ளியது.

"ஐயோ அக்கா, என்ட கையும் போச்சுது!" என்றாள் றஜனி. "அடுத்ததாக இஸ்ஹாக்கின்ட கையையும் கூப்பிடுவம். மூண்டு பேருமாச் சேர்ந்து புத்தளம் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஓட்டோவில போகலாம்."

அல்பொன்சா சிரிக்கவில்லை. அழவும் இல்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னொருக்கால் இழு," என்றாள். றஜனி இழுத்தாள். துள்ளியது. உலகத்தில் ஒரு துள்ளல் இவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று அல்பொன்சா நினைத்ததில்லை.

"அப்ப என்ட மவுஸ் இங்க துள்ளினது," என்று றஜனி யோசித்தாள். "அங்க என்ட மேசையில துள்ளாது. உங்கட மவுஸ் இங்க துள்ளுது." அவள் வயரில்லாத மவுஸைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "இதை அங்க கொண்டு போறன். நீங்கள் இந்தத் திரையைப் பாருங்கோ."

தன் பழைய பலகை மேசைக்கு நடந்துபோய், அதன் மேல் மவுஸை வைத்து இழுத்தாள். அல்பொன்சாவின் திரையில் அம்புக்குறி, ஏரியில் வழுக்கிப் போகும் தோணிபோல ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடியது.

இருவரும் ஒரே நேரத்தில் அல்பொன்சாவின் மேசையைப் பார்த்தார்கள்.

தலவில் கோயில் திருநாள் வேலைகள் குவியத் தொடங்கிய வேளையில் வாங்கிப் போட்ட கண்ணாடி அது. அம்புக்குறி துள்ளத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான். ஸ்டிக்கர் வெட்டும் கத்தி பலகையைக் கீறாதிருக்க அல்பொன்சாவே அளவெடுத்து வெட்டுவித்தது. கடைக்கு வருகிறவர்களெல்லாம், "நல்ல பளபளப்பு, அக்கா" என்று சொல்லிப் போகும் மேசை. கச்சான் காற்று ஒவ்வொரு இரவும் அதன் மேல் உப்பையும் தூசியையும் மெல்லிய படலமாகப் பூசிவிட்டுப் போகும். ஒவ்வொரு காலையும் கடை திறந்ததும் அல்பொன்சா பழைய பத்திரிகைத் தாளை நனைத்து, முகம் தெரியும்வரை அதைத் துடைப்பாள். துடைத்த கையோடு மவுஸைப் பிடிப்பாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் றஜனி தட்டிய தட்டில் இஸ்ஹாக் ஓடி வந்தான். விசயத்தைக் கேட்டதும் உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"மூண்டு வருத்தம் பார்த்த நான் நாலாவதைப் பார்க்கயில்லையே! என்ட முழங்கைக்குக் கீழயே கிடந்திரிக்கி. அக்கா, மவுஸுக்கு அடியில இருக்கிறது ஒரு குட்டிக் கமரா. அது கீழ இருக்கிறதை ஒரு செக்கனுக்கு எத்தனையோ ஆயிரம் படம் பிடிக்கும். போன படத்தில இருந்த பொட்டு இந்தப் படத்தில எங்க போயிருக்கெண்டு பார்த்துத்தான், நான் இவ்வளவு தூரம் நகர்ந்திட்டன் எண்டு கணினிக்குச் சொல்லும். பலகையில நாரிருக்கு, கடதாசியில நூலிருக்கு. நல்லாத் துடைச்ச கண்ணாடியில என்ன இருக்கு? ஒரு பொட்டுமில்லை. ஒளியும் ஊடுருவிப் போயிடும், இல்லாட்டிப் பளீரெண்டு தெறிக்கும். தான் நகர்றதே மவுஸுக்குத் தெரியாது."

"அப்ப பின்னேரத்தில கொஞ்சம் நல்லா வாறது?" அல்பொன்சா கேட்டாள்.

"பகல் முழுக்கத் தூசியும் உங்கட விரல் அடையாளமும் சேர்ந்திடுமே. அதைப் பிடிச்சுக்கொண்டு தட்டுத் தடுமாறி நடந்திரிக்கும். விடிஞ்சதும் நீங்க அதையும் துடைச்சிட்டு, பாவத்தைக் குருடாக்கி விட்டிருக்கிறீங்க."

கண்ணாடியின் ஒரு மூலையில், ஸ்டிக்கர்ச் சுருள்கள் எப்போதும் கிடக்கும் இடத்தில், துடைக்கும் தாள் படாமல் பசையும் தூசியும் அப்பியிருந்தது. றஜனி சுருள்களை நகர்த்தி, மவுஸை அங்கே வைத்து இழுத்துப் பார்த்தாள். அழகில்லாவிட்டாலும், ஓடியது. அங்கிருந்து பளபளத்த நடுப்பகுதிக்கு வந்ததும் திகைத்து நின்றது.

"நண்டின்ட கதை தெரியுமா, அக்கா?" என்றான் இஸ்ஹாக். "வலையில வந்த நண்டொண்டு வள்ளத்தின்ட வழுவழுத்த தளத்தில விழுந்ததாம். ஓடப் பார்த்ததாம்; வழுக்கினதாம். திரும்ப ஓடப் பார்த்ததாம்; திரும்ப வழுக்கினதாம். ‘ஐயோ, என்ட காலெல்லாம் முடமாப் போச்சே, இனி நான் எந்த முகத்தோட மற்ற நண்டுகளப் பார்க்கிறது’ எண்டு ஒரு மூலையில ஒடுங்கிக் குந்தியிருந்ததாம். கரைக்கு வந்ததும் வலையை உதறினவன் அதை ஈர மணலில போட்டிட்டான். பிடிக்க ஏலுமா பிறகு!"

"அந்த நண்டு ஆரையும் கேட்டிருந்தால் அவ்வளவு நேரம் அழுதிருக்காது," என்றாள் றஜனி, அல்பொன்சாவைப் பார்க்காமல்.

"நண்டுக்கு வெக்கம் கூடுதல்," என்றாள் அல்பொன்சா. அப்போதுதான் அவளுடைய கண்கள் நிறைந்தன.

கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்றான் இஸ்ஹாக். அல்பொன்சா ஒப்பவில்லை, கத்திக்கு அது வேண்டும். மவுஸ் ஓடுவதற்கு ஏதாவது ஒன்றைப் போட்டால் போதும். கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது ஸும்றாவின் சித்திர மட்டைதான். அதைத் தலைகீழாகத் திருப்பி, எழுதாத சொரசொரப்பான பக்கம் மேலே வரும்படி கண்ணாடியில் வைத்து, மவுஸை அதன் மேல் இறக்கினாள்.

வலது கை. அவளுடைய சொந்த வலது கை.

கோடு போனது. அவள் நினைத்த இடத்தில் வளைந்தது. நினைத்த இடத்தில் நின்றது.

பழைய நடுங்கிய கோட்டை முழுவதும் அழித்துவிட்டு, புதிதாகத் தொடங்கினாள். ‘ஸு’வின் சாய்வைப் பிடித்தாள். மெழுகுக் கட்டி வழுக்கிய இடத்தில் கோடு மெலிவதையும், பிள்ளை நிறுத்தி யோசித்த இடத்தில் அது தடிப்பதையும் விடாமல் பின்தொடர்ந்தாள். ‘ம்’ எழுத்தின் காசுப் புள்ளியை, அதன் ஓரத்தில் பிதுங்கிய சிறு பிசிறோடு வரைந்தாள். ‘றா’வின் மடங்கிய காலுக்கு வந்தபோது ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கால் மடங்கியபடியே, சற்றும் நிமிராமல், திரையில் வந்து நின்றது.

வேலை முடிந்ததும் அவளே மஸாஹிருக்கு அழைப்பெடுத்தாள்.

அவன் கடலிலிருந்து வந்த கோலத்திலேயே, சாரத்தை மடித்துக் கட்டியபடி வந்தான். வெட்டும் இயந்திரம் நீல ஸ்டிக்கரைத் துப்பி முடிக்கும்வரை குனிந்து நின்று பார்த்தான். எழுத்துகளைத் தூக்கிப் பிடித்தபோது அவன் முகம் மாறியது.

"இது! இதுதான் அக்கா அவள்ட கோணல். இந்தக் கால மடக்கிற எடத்துல நாக்கக் கடிச்சிக்கிட்டு இரிப்பா, அதுவும் தெரியிதே! நேத்து என்ன செஞ்சி வச்சிருந்தீங்க?"

"நேத்து என்ட மேசையில மவுஸுக்குக் கண் தெரியயில்லை, தம்பி."

மஸாஹிருக்கு விளங்கவில்லை. இஸ்ஹாக் விளக்கினான். அவன் கேட்டுவிட்டுத் தலையாட்டினான். "ஓம், பனி இறங்கின நாள்ல கடல்லயும் அப்பிடித்தான். எஞ்சின் ஓடும், வள்ளம் போகுதோ நிக்கிதோ தெரியாது. கரையில தென்ன மரம் ஒண்டு கண்ணில பட்டாத்தான் போறமெண்டு தெரியும்." சற்று நின்று, "புள்ளட மட்டயத் தாங்க, அக்கா. வீட்டுல தேடுவா," என்றான்.

அல்பொன்சா மட்டையைக் கையிலெடுத்தாள். கொடுக்க மனமில்லாமல் ஒரு கணம் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தாள். றஜனி சென்ற ஆண்டு நாட்காட்டியின் மட்டையை வெட்டிக் கண்ணாடியில் வைத்தாள்.

"வெள்ளிக்கிழம நீங்க ரெண்டு பேரும் கரைக்கு வரோணும்," என்றான் மஸாஹிர் வாசலில் நின்று. "பெயர் ஒட்டுறது நீங்கதான், அக்கா. எங்கட கை நடுங்கும்."

அவன் போனபின் றஜனி தேநீர் ஊற்றினாள். பழக்கத்தில் அல்பொன்சாவின் கோப்பையைப் பாதியில் நிறுத்தினாள்.

"ஊத்து," என்றாள் அல்பொன்சா. "நிறைய ஊத்து."

றஜனி விளிம்புவரை ஊற்றினாள். அல்பொன்சா வலது கையால் கோப்பையை எடுத்து, ஒரு துளி சிந்தாமல் உதட்டுக்குக் கொண்டுபோனாள்.